10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி: அதை விட்டால் எத்தனை வட்டி?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். நூல் மில்லிலிருந்து வரும் பில்லின் அடியில், கையெழுத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: பணம் 30 நாளில், 10 நாளுக்குள் செலுத்தினால் 2% சி.டி. கேஷ் டிஸ்கவுண்ட்டைத்தான் இங்கே எல்லோரும் சி.டி. என்கிறோம். அந்த வரியைக் காட்டினால் முதலாளிகள் பெரும்பாலும் சொல்லும் பதில் ஒன்றுதான். "ரெண்டு பர்சென்ட்தானுங்க. முப்பது நாள் டைம் இருக்குதுங்கல்ல, அப்புறம் பாத்துக்கலாம்."

இதே முதலாளியிடம் யாராவது நூற்றுக்கு மூன்று வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் அந்த 2 சதவீதத்தை விடும் ஒவ்வொரு மாதமும் அவர் மூன்று வட்டிக்குத்தான் கடன் வாங்குகிறார். எப்படி என்று ஒரு நூல் பில்லை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

முதல் படி: கடன் எத்தனை நாளைக்கு?

பில்லில் 30 நாள் என்று இருப்பதால் 2 சதவீதம் 30 நாளுக்கான விலை என்று தோன்றும். முதல் தவறு இதுதான். முதல் 10 நாள் எல்லோருக்கும் இலவசம். 10ஆம் நாள் கட்டினாலும் தள்ளுபடி கிடைக்கும் என்பதால் அதற்கு முன்னால் கட்ட அவசியமே இல்லை. 10ஆம் நாளைத் தாண்டினால் கூடுதலாகக் கிடைப்பது 11ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை உள்ள 20 நாள் மட்டும். அந்த 20 நாளுக்குத்தான் நீங்கள் 2 சதவீதம் கொடுக்கிறீர்கள்.

இரண்டாவது படி: எந்தத் தொகைக்கு வட்டி?

100 ரூபாய் பில்லுக்கு 10ஆம் நாள் 98 ரூபாய் கட்டினால் கணக்கு முடிந்துவிடும். அதாவது அன்றைக்கு உங்கள் உண்மையான பாக்கி 98 ரூபாய்தான். அதைக் கட்டாமல் வைத்துக்கொண்டால், மில்லிடம் 98 ரூபாய் கடன் வாங்கி 20 நாள் கழித்து 100 ரூபாயாகத் திருப்பித் தருகிறீர்கள். வட்டி 2 ரூபாய், அசல் 98 ரூபாய். ஆகவே 2-ஐ 98-ஆல் வகுக்க வேண்டும், 100-ஆல் அல்ல. அது 20 நாளுக்கு 2.04 சதவீதம்.

வருடத்தில் இப்படிப்பட்ட 20 நாள்கள் 18.25 முறை வரும். இரண்டையும் பெருக்கினால் 37.24 சதவீதம். எக்செல்லில் இப்படிப் போடலாம்:

```
=(2/(100-2))*(365/(30-10))
```

37.24-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 3.10. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு மூன்று வட்டி, அதற்கு மேல் பத்துப் பைசா. வட்டிக்கு வட்டி சேர்த்துப் போட்டால் 44.6 சதவீதம் வரும். பாடப் புத்தகங்களில் இரண்டு எண்ணும் இருக்கும். மிச்சமான தள்ளுபடியை அடுத்தடுத்த பில்லிலேயே போட்டுச் சுழற்றுகிறவருக்குத்தான் 44.6 பொருந்தும். வங்கி வட்டியோடு ஒப்பிட்டு முடிவெடுக்க எனக்கு 37.24 போதும்.

சில மில்களும் நூல் வியாபாரிகளும் சி.டி. என்ற பேச்சையே எடுப்பதில்லை. இரண்டு விலை சொல்வார்கள்: ரொக்கத்துக்குக் கிலோ 245, முப்பது நாளைக்கு 250. ஐந்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் 5-ஐ 245-ஆல் வகுத்தால் அதே 2.04 சதவீதம்தான் வருகிறது. ரொக்க விலைக்கும் 10 நாள் அவகாசம் உண்டென்றால், பெயர் இல்லாமல் வரும் அதே சி.டி. அது. உடனே கட்ட வேண்டும் என்றால் வகுக்க வேண்டிய நாள் 20 அல்ல, 30. அப்போது வருடத்துக்கு ஏறத்தாழ 25 சதவீதம். எத்தனை நாளைக்குள் கட்டினால் ரொக்க விலை என்று கேட்காமல் விலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது படி: உங்கள் பில்லில் போட்டுப் பாருங்கள்

37.24 என்பது பொதுக் கணக்கு. நம் பில்லில் ஜி.எஸ்.டி. வந்து உட்கார்ந்துகொள்வதால் எண் கொஞ்சம் மாறும். 50 கிலோ பையாக 80 பை நூல் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4,000 கிலோ, கிலோ 250 ரூபாய், ஆக 10,00,000. பருத்தி நூலுக்கு 5 சதவீத வரி, அது 50,000. மொத்தம் 10,50,000.

மில் 2 சதவீதத்தை வரிக்கு முந்தைய விலையில்தான் போடும். எனவே தள்ளுபடி 20,000. ஆனால் 10ஆம் நாள் நீங்கள் அனுப்ப வேண்டிய பணத்தில் வரியும் சேர்ந்திருக்கிறது: 10,30,000. வரிப் பணத்தையும் 20 நாள் முன்னதாகக் கொடுக்கிறீர்கள், அந்தப் பங்குக்குத் தள்ளுபடி இல்லை. 20,000-ஐ 10,30,000-ஆல் வகுத்து 18.25-ஆல் பெருக்கினால் 35.4 சதவீதம். சற்றே குறைவுதான், ஆனால் இதுதான் உங்கள் கம்பெனியின் எண்.

தள்ளுபடிக்கு மில் எந்த விதமான கிரெடிட் நோட் தருகிறது என்பதையும் பாருங்கள். வரியோடு சேர்த்து 21,000-க்குத் தந்தால் 1,000 ரூபாய் கூடுதல் லாபம் என்று நினைக்கக் கூடாது. நூல் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்காக நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவில் அந்த 1,000 ரூபாயைத் திருப்ப வேண்டும். வரி இல்லாமல் 20,000-க்குத் தந்தால் உள்ளீட்டு வரி அப்படியே இருக்கும். இரண்டு வழியிலும் கையில் நிற்பது 20,000தான். எந்த வழி என்பதை முதல் பில்லிலேயே மில்லின் கணக்குப் பிரிவிடம் பேசி முடித்துவிட்டால் வருடக் கடைசியில் லெட்ஜர் ஒத்துப்போகும்.

நான்காவது படி: நீங்கள் எந்த நாளில் கட்டுகிறீர்கள்?

பில்லில் 30 என்று இருந்தாலும் பலர் 30ஆம் நாளில் கட்டுவதில்லை. சூத்திரத்தில் பில் சொல்லும் நாளைப் போடாமல், வங்கிக் கணக்கில் பணம் போன நாளைப் போடுங்கள். கடந்த ஆறு மாதப் பில்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனையாவது நாளில் கட்டப்பட்டது என்று லெட்ஜரிலிருந்து எழுதினால் அரை மணி நேர வேலை. பிறகு இதைப் போடலாம்:

```
=B1/(B2-B1)*365/(B4-B3)
```

B1-இல் தள்ளுபடித் தொகை, B2-இல் வரியோடு பில் தொகை, B3-இல் தள்ளுபடிக்கான கடைசி நாள், B4-இல் கட்டிய நாள். நம் பில்லை 45ஆம் நாளில் கட்டினால் 20.2 சதவீதமாக இறங்குகிறது. இழுத்துக் கட்டினால் செலவு குறைகிறதே என்று இதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். பல பில்களில் கெடு தாண்டினால் 24 சதவீத வட்டி என்று அச்சடித்திருக்கும். மில் அதை வசூலித்தால் 15 நாளுக்கு இன்னொரு 10,356 ரூபாய் சேரும், விகிதம் மறுபடி 30 சதவீதத்தைத் தாண்டும். நூல் தருகிறவர் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால் இன்னொரு கயிறும் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டி, வருட முடிவிலும் பாக்கி நின்றால், 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய வருடத்தில்தான் காட்டலாம்.

இதே சூத்திரத்தை எதிர்ப் பக்கமாக ஓட்டினால் இன்னொன்று தெரியும். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. 10ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, முதலாளி ஊரில் இல்லை, 12ஆம் நாள் பணம் போகிறது, மில் தள்ளுபடி தர மறுக்கிறது. இரண்டு நாள் பிந்தியதற்கு 20,000 போனது. வருடக் கணக்கில் அது 354 சதவீதம். தள்ளுபடியும் போய், மீதி 18 நாள் அவகாசமும் போய்விட்டது. 10ஆம் நாள் தவறிவிட்டது, மில் விட்டுக்கொடுக்காது என்பது உறுதியாகிவிட்டால், 12ஆம் நாள் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். 30ஆம் நாள் கட்டுங்கள். பில் போட்ட நாளிலிருந்து 10 நாளா, சரக்கு வந்து இறங்கிய நாளிலிருந்தா, பணம் மில் கணக்கில் ஏற வேண்டுமா, செக் கொடுத்தால் போதுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சரக்கு வர மூன்று நாள், நூலைச் சோதிக்க இரண்டு நாள் என்றால் 10 நாளில் பாதி அங்கேயே கரைந்துவிடும். நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டும் இப்போது விடுமுறை நாளிலும் இயங்குகின்றன. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பது இனிமேல் காரணம் இல்லை.

ஐந்தாவது படி: உங்கள் பணத்தின் விலை என்ன?

35 சதவீதம் அதிகமா குறைவா என்பது, 10ஆம் நாள் கட்டும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் அடைக்கிற வங்கியின் சி.சி. லிமிட்டில் 11 சதவீத வட்டி என்று கொள்வோம். 10,30,000 ரூபாயை 20 நாளுக்கு எடுத்தால் வட்டி 6,208 ரூபாய். கிடைக்கும் தள்ளுபடி 20,000. ஒரு பில்லுக்கு 13,792 ரூபாய் மிச்சம். வட்டி செலவாகவும் தள்ளுபடி கொள்முதல் விலைக் குறைவாகவும் போவதால் வருமான வரி இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் தொடும், ஒப்பீடு மாறாது.

இதிலிருந்து ஒரு கோடு கிடைக்கிறது. 11 சதவீத லிமிட் கையில் இருக்கிறவருக்கு, 20 நாள் முன்னதாகக் கட்ட எவ்வளவு தள்ளுபடி கிடைத்தால் போதும்? வரியையும் சேர்த்துப் பார்த்தால் 0.63 சதவீதம். நூற்றுக்கு 63 பைசாவுக்கு மேல் எது கிடைத்தாலும் லாபம். கைமாற்றாக இரண்டு வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும் என்கிறவருக்குக்கூட 1.4 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நஷ்டம் இல்லை. மூன்று வட்டி என்றால் விட்டுவிடுங்கள். கணக்கு கிட்டத்தட்ட சமமாக வந்தாலும் அந்தக் கடனின் தொல்லை உங்களுக்குத்தான்.

சி.டி. என்று வந்தாலே எடுத்துவிடவும் கூடாது. அட்டைப் பெட்டிக்காரர் ஒருவர் 7 நாளில் 1 சதவீதம், இல்லாவிட்டால் 45 நாள் என்கிறார். இங்கே கூடுதல் நாள் 38. 1-ஐ 99-ஆல் வகுத்து 365/38-ஆல் பெருக்கினால், வரியைச் சேர்க்காமலேயே 9.7 சதவீதம். லிமிட் வட்டி 11 என்றால் இந்தத் தள்ளுபடியை எடுப்பது நஷ்டம். பெட்டிக்காரருக்கு 45ஆம் நாளே கொடுங்கள். கையில் இருக்கும் பணத்துக்கு யார் முதலில் என்ற வரிசையை இந்த விகிதத்தை வைத்துப் போட வேண்டும். நடைமுறையில் யார் அதிகம் போன் பண்ணுகிறார்களோ அவருக்குத்தான் முதலில் பணம் போகிறது.

"ஒரு வருடத்துக்கா கடன் வாங்குகிறேன்?"

இதைச் சொல்லும்போதெல்லாம் வரும் மறுப்பு இது. 20 நாளுக்கு 2 சதவீதம் சரி, அதை ஏன் 18 மடங்காக்கிப் பயமுறுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே ஒரு பில்லைத்தான் வாழ்க்கையில் வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் இழப்பு 20,000தான், அதில் வருட விகிதத்துக்கு வேலையே இல்லை.

ஆனால் நீங்கள் மாதாமாதம் 80 பை நூல் வாங்குகிறீர்கள். ஒவ்வொரு மாதமும் 10ஆம் நாள் கட்டுவது என்று மாறினால் லிமிட்டில் என்ன நடக்கும்? 10ஆம் நாள் 10,30,000 எடுக்கிறீர்கள். வழக்கமாக 30ஆம் நாள் மில்லுக்குப் போக வேண்டிய பணம் இப்போது லிமிட்டுக்கே வந்து அதை அடைக்கிறது. அடுத்த 10ஆம் நாள் வரை பாக்கி இல்லை. வருடம் முழுவதும் சராசரி எடுத்தால் இந்த வேலைக்காக லிமிட்டில் நிற்கும் தொகை 6.77 லட்சம். 12 பில், 123.6 லட்சம், அதில் 365-க்கு 20 பங்கு. வங்கி அன்றாட பாக்கிக்குத்தான் வட்டி போடும் என்பதால் வருட வட்டி ஏறத்தாழ 74,500 ரூபாய். 12 தள்ளுபடி சேர்ந்தால் 2,40,000.

சராசரியாக 6.77 லட்சம் ரூபாயை உள்ளே வைத்ததற்கு வருடத்துக்கு 2.40 லட்சம். வகுத்துப் பாருங்கள், 35.4 சதவீதம். சூத்திரம் தந்த அதே எண், இந்த முறை பெருக்கல் எதுவும் இல்லாமல், ரூபாயாக வந்து நிற்கிறது. இந்தக் கணக்கை முதலாளி கையாலேயே போட வைப்பேன். அதற்குப் பிறகு "பயமுறுத்துகிறீர்கள்" என்று யாரும் சொன்னதில்லை.

சராசரி 6.77 என்றாலும் 10ஆம் நாளன்று லிமிட்டில் முழுதாக 10.30 லட்சம் இடம் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சம்பளம், பி.எப்., கரண்ட் பில், சாயப்பட்டறைக்குத் தர வேண்டியது எல்லாம் அதே நாள்களில்தான் வரும். நூலுக்குத் தள்ளுபடி வாங்கிவிட்டு சனிக்கிழமை சம்பளத்துக்குத் தடுமாறினால் தையல் லைன் அடுத்த வாரம் காலியாக நிற்கும். 20,000 அதை ஈடு கட்டாது.

லிமிட் இறுக்கமாக இருக்கிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். லிமிட்டில் எவ்வளவு வரை எடுக்கலாம் என்ற டிராயிங் பவரை வங்கிகள் போடும்போது பொதுவாக ஸ்டாக் மதிப்பிலிருந்து, சரக்கு தந்தவர்களுக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கியைக் கழித்துவிட்டு, மீதியில் 25 சதவீதம் போல மார்ஜின் பிடிப்பார்கள். மில்லுக்குப் பாக்கி 10.50 லட்சம் நிற்கும்போது அந்த நூல் உங்கள் குடோனில் இருந்தாலும் வங்கிக் கணக்கில் உங்களுடையது இல்லை. கட்டிவிட்டால், மாதக் கடைசி ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பாக்கி இருக்காது. நூல் இன்னும் ஸ்டாக்கில் இருந்தால் டிராயிங் பவர் 7.87 லட்சம் வரை கூடலாம். அனுமதித்த லிமிட்டுக்குள் இது நிற்க வேண்டும், ஸ்டேட்மென்ட் தேதியும் ஒத்துவர வேண்டும். உங்கள் வங்கி எப்படிப் போடுகிறது என்று மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

மாறும் மாதம்

கணக்கு முழுவதும் புரிந்தவர்களும் விழும் இடம் இதுதான். ஜூலை 1 பில்லைப் பழைய வழக்கப்படி ஜூலை 31-இல் கட்டுகிறீர்கள். ஆகஸ்ட் 1 பில்லை 10ஆம் நாளில், அதாவது ஆகஸ்ட் 11-இல் கட்ட வேண்டும். 11 நாளுக்குள் இரண்டு நூல் பில்: 10.50 லட்சமும் 10.30 லட்சமும். இதைப் பார்த்ததும் "நமக்கு இது ஒத்துவராதுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த நெருக்கடி ஒரே ஒரு முறைதான் வரும். செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு ஒரு பில்தான், நாள் மட்டும் முன்னால் வந்திருக்கும்.

ஆகவே எந்த மாதத்தில் மாறுவது என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றுமதி செய்கிறவர் என்றால் ஜி.எஸ்.டி. ரீபண்ட் வரும் மாதம், இல்லாவிட்டால் பெரிய பார்ட்டியின் பணம் வந்து சேரும் மாதம். முழுப் பில்லும் முடியாதென்றால், பாதிப் பில்லுக்குப் பாதித் தள்ளுபடி தருவீர்களா என்று மில்லில் கேளுங்கள். பணம் முன்னால் வருவதை அவர்களும் விரும்புவார்கள். மாறிய பிறகு பில் வந்த அன்றே அதன் மேல் மூலையில் சிவப்புப் பேனாவில் 8ஆம் நாளின் தேதியை எழுதிவைப்பேன். 10-ஐ எழுதுவதில்லை. ஆன்லைனில் முதலாளியின் ஒப்புதல் வாங்க ஒரு நாள், ஏதாவது தடங்கல் வந்தால் சரிசெய்ய ஒரு நாள் வேண்டும். நூலில் குறை இருந்தால் மில்லுக்கு எழுத வேண்டியதும் அந்த 8ஆம் நாளுக்கு முன்னால்தான். பணம் போன பிறகு குறை சொன்னால் அடுத்த பில்லில் கழிப்பது வரை காத்திருக்க வேண்டிவரும்.